பெரிதாக வரைந்து சிறிதாக்கும் படம்: கேம் ஸ்கிரீன்ஷாட்டில் படிக்கட்டு ஓரம் மறையும் விதம்

கணினி விளையாட்டு ஒரு காட்சியை வரையும்போது ஒவ்வொரு பிக்சலிலும் ஓர் இடத்தில்தான் சோதித்துப் பார்க்கிறது. பிக்சலின் நடுப்புள்ளியில் இருப்பது சுவரா, வானமா? சுவர் என்றால் அந்தச் சதுரம் முழுவதும் சுவரின் நிறம்; வானம் என்றால் முழுவதும் வானத்தின் நிறம். பாதி சுவர், பாதி வானம் என்று சொல்ல அங்கே வழியில்லை. கூரையின் சாய்வான விளிம்பு பிக்சல் வரிசைகளைக் குறுக்காகக் கடக்கும்போது, ஒரு வரிசையில் சட்டென்று நின்று அடுத்த வரிசையில் சட்டென்று தொடங்குகிறது. கண்ணுக்கு அது படிக்கட்டாகத் தெரிகிறது. அலையாசிங் என்று கிராபிக்ஸ் துறையினர் சொல்வது இதைத்தான்.

விளையாடும்போது இந்தக் குறை ஓரளவு மறைந்துவிடும். காட்சி ஓடிக்கொண்டே இருக்கிறது, கண்ணும் ஓடுகிறது. அதோடு இன்றைய கேம்களில் பெரும்பாலானவை டிஏஏ என்ற முறையைக் கையாள்கின்றன. முந்தைய பல ஃபிரேம்களின் நிறத்தை இப்போதைய ஃபிரேமோடு கலந்து ஓரங்களை மென்மையாக்கும் உத்தி அது. ஆனால் அதே கலவை இலை, முடி, துணியின் நெசவு போன்ற நுணுக்கங்களையும் சேர்த்து மங்கலாக்கிவிடுகிறது. அசையாத ஒரு படத்தை ஒருவர் நிதானமாகப் பார்க்கும்போது படிக்கட்டும் உறுத்தும், மங்கலும் உறுத்தும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதையே கலையாகச் செய்பவர்கள் இரண்டையும் தவிர்க்கக் கையாளும் வழி எளிமையானது: தேவைக்கு மேல் பல மடங்கு பெரிதாக ஒரு ஃபிரேமை வரையவைத்து, அதைப் பிடித்து, பிறகு சராசரி எடுத்துச் சுருக்குவது. விளையாட ஒரு நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டும். படமெடுக்க ஒரே ஒரு ஃபிரேம் போதும். அந்த ஒன்றை வரைய இரண்டு நொடி ஆனாலும் நஷ்டமில்லை.

ஒரு கம்பியை எடுத்துக்கொண்டால் விஷயம் துலங்கும். இரவுத் தெரு. கறுத்த வானத்தின் குறுக்கே, விளக்கொளி பட்டு வெளிறிய ஒரு மின்கம்பி செல்கிறது. படம் 1920×1080 அளவில் வரையப்படுகிறது. தூரத்தில் இருப்பதால் கம்பியின் தடிமன் ஒரு பிக்சலில் 0.3 பங்குதான், 20 பிக்சல் தள்ளிப் போனால் ஒரு பிக்சல் இறங்கும் அளவுக்குச் சாய்வு. இப்போது கம்பியின் வழியே 20 பிக்சல் நடந்து பார்த்தால், சுமார் 6 இடங்களில் மட்டும் கம்பி ஏதாவது ஒரு பிக்சலின் நடுப்புள்ளியைத் தொடுகிறது. மீதி 14 இடங்களில் அது இரண்டு நடுப்புள்ளிகளுக்கு இடையில் நழுவிவிடுகிறது. விளைவு: 6 பிக்சல் பளிச்சென்ற கோடு, 14 பிக்சல் வெற்றிடம், மறுபடி 6 பிக்சல் கோடு. கம்பி துண்டுதுண்டாக அறுந்து தெரிகிறது. எஃப்எக்ஸ்ஏஏ போன்ற, வரைந்து முடித்த படத்தில் ஓரங்களைத் தேடித் தடவிவிடும் முறைகளால் இங்கே உதவ முடியாது. அந்தத் துண்டுகளின் ஓரத்தை அவை மென்மையாக்கும்; விட்டுப்போன 14 பிக்சலில் கம்பி இருந்தது என்ற செய்தியே படத்தில் இல்லாததால், அதை மீட்டுத் தராது.

அதே காட்சியை அகலத்தில் 4 மடங்கு, உயரத்தில் 4 மடங்கு, அதாவது 7680×4320 அளவில் வரைந்தால், முன்பு ஒரு பிக்சல் இருந்த இடத்தில் 16 பிக்சல்கள் இருக்கும். 0.3 பங்காக இருந்த கம்பியின் தடிமன் இப்போது 1.2 பிக்சல். ஒரு பிக்சலுக்கு மேல் தடிமன் வந்துவிட்டதால் கம்பி எந்த இடத்திலும் நடுப்புள்ளிகளுக்கு இடையில் நழுவ முடியாது, அறுபடாமல் ஓடுகிறது. இனி 16 பிக்சலுக்கு ஒன்றாகச் சராசரி எடுத்து 1920×1080 ஆகச் சுருக்கினால், கம்பி கடக்கும் இடத்தில் 16-ல் சுமார் 5 வெளிறியவை, மீதி 11 கறுப்பு. கிடைப்பது சீரான, மெல்லிய, சற்று மங்கிய கோடு. உண்மையான கேமராவில் அந்தக் கம்பி விழுந்திருந்தால் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும்.

இங்கே எத்தனை மடங்கு என்ற கணக்கில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. சில மென்பொருள்கள் பக்கவாட்டு மடங்கைச் சொல்கின்றன, சில பரப்பளவின் மடங்கைச் சொல்கின்றன. என்விடியா டிரைவரில் `DSR - Factors` என்ற பட்டியலில் 4.00x என்று இருப்பது பரப்பளவு. 1080 வரிசைத் திரைக்கு அது 3840×2160, பக்கத்துக்கு 2 மடங்குதான். அதே பட்டியலில் உள்ள 2.25x பக்கத்துக்கு ஒன்றரை மடங்கு. கேமின் மெனுவிலேயே இருக்கும் ரெசல்யூஷன் ஸ்கேல் 200 சதவீதம் என்பது பெரும்பாலும் பக்கத்துக்கு 2 மடங்கு. ஆனால் பரப்பளவைச் சொல்லும் கேம்களும் உண்டு.

பெரிய ஃபிரேமை வரையவைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, இப்போது சொன்ன ரெசல்யூஷன் ஸ்கேல். இதில் கேமே பெரிதாக வரைந்து, கேமே சுருக்கித் தருகிறது. கையில் கிடைக்கும் படம் ஏற்கெனவே 1920×1080 ஆக இருக்கும். சுலபமானது, ஆனால் எந்த முறையில் சுருக்குவது என்பது கேமை எழுதியவர்களின் விருப்பம். இரண்டாவது வழி டிரைவர். என்விடியாவின் டிஎஸ்ஆர், ஏஎம்டியின் விஎஸ்ஆர் இரண்டும் 2014-ல் வந்தவை. திரை உண்மையில் இருப்பதைவிடப் பெரியது என்று கேமை நம்பவைத்து, மானிட்டருக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தில் டிரைவர் படத்தைச் சுருக்குகிறது. இதில் ஒரு வசதி மறைந்திருக்கிறது: ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்படுவது அந்தச் சுருக்கலுக்கு முன்பு. ஆகவே திரையில் சுருங்கித் தெரிந்தாலும் கோப்பில் சேர்வது 3840×2160 முழுப்படம். `DSR - Smoothness` என்ற அளவை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் ஸ்கிரீன்ஷாட்டில் மாற்றம் வராமல் இருப்பதன் காரணம் இதுதான். சுருக்கும் வேலை முழுவதும் படமெடுப்பவர் கையில்.

மூன்றாவது வழி, விளையாட்டைச் சாளரத்தில் ஓடவிட்டு, அந்தச் சாளரத்தையே திரையைவிடப் பெரிதாக இழுத்துவிடுவது. எஸ்ஆர்டபிள்யூஇ என்ற சிறு கருவி இதைச் செய்கிறது. ஆர்வலர்களிடையே இது பெயர்பெற்றிருப்பதற்குக் காரணம், அளவையும் வடிவத்தையும் அது கட்டுப்படுத்துவதில்லை. 5000×7500 என்று நெடுக்குவாட்டுப் படம்கூட எடுக்கலாம். சாளரத்தின் பெரும்பகுதி திரைக்கு வெளியே நீண்டிருப்பதால் விண்டோஸின் பிரிண்ட் ஸ்கிரீன் விசை இங்கே பயன்படாது; திரையில் தெரியும் துண்டை மட்டுமே அது பிடிக்கும். கேமுக்குள்ளேயே புகுந்து, வரைந்த ஃபிரேமை நினைவகத்திலிருந்து நேரடியாக எடுக்கும் ரீஷேட் போன்ற கருவிதான் முழுப்படத்தையும் தரும்.

டிரைவர்களில் இந்த வசதி வருவதற்கு முன்பே ஆர்வலர்கள் இதைத் தாங்களாகவே செய்துகொண்டிருந்தார்கள். 2012-ல் டார்க் சோல்ஸ் கணினிக்கு வந்தபோது, மானிட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கேம் உள்ளுக்குள் 1024×720 அளவில்தான் வரைந்தது. அதைத்தான் பெரிதாக்கிக் காட்டியது. டூரான்டே என்ற பெயரில் இயங்கிய பீட்டர் தோமன், டிஎஸ்ஃபிக்ஸ் என்ற சிறு இணைப்பை வெளியிட்டு, அந்த உள் அளவை விரும்பியபடி உயர்த்த வழிசெய்தார். அதே கேம், அதே மாதிரிகள், அதே துணிமணி. ஆனால் கவசங்களின் விளிம்பும் கோபுரங்களின் கைப்பிடிச் சுவரும் வேறொரு கேமைப் போலத் தெரிந்தன. பின்னர் 2014-ல் பல கேம்களுக்குப் பொதுவாகப் பொருந்தும்படி கெடோசாட்டோ என்ற கருவியையும் அவர் தந்தார்.

படம் கையில் வந்த பிறகு சுருக்குவது சாதாரண வேலையாகத் தோன்றும். உண்மையில் பெரும்பாலான படங்கள் கெடுவது இந்த இடத்தில்தான். 16 பிக்சலையும் கணக்கில் எடுத்தால்தானே 16 பிக்சல் வரைந்ததற்குப் பலன்? சுருக்கும் மென்பொருள் 'அருகில் உள்ள பிக்சல்' முறையைக் கையாண்டால் 15-ஐத் தூக்கி எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். படிக்கட்டும் அறுந்த கம்பியும் அப்படியே திரும்பிவிடும். எளிய பைலீனியர் முறையும் ஏமாற்றக்கூடியதே. அது அருகருகே உள்ள 4 பிக்சல்களை மட்டும் கலக்கும். பக்கத்துக்கு 2 மடங்கு படத்தைச் சுருக்க அது சரி. 4 மடங்கு படத்தில் மீதி 12 பிக்சல் வீண். கேமுக்குள் இருக்கும் ரெசல்யூஷன் ஸ்கேலில் 200 சதவீதத்துக்குமேல் ஏற்றியும் படம் தெளியவில்லை என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

16-ஐயும் சமமாகச் சராசரி எடுப்பது பாக்ஸ் ஃபில்டர். முழு எண் மடங்குகளுக்கு இது நேர்மையானது, கோளாறு எதையும் சேர்க்காது. லாங்சோஸ் ஃபில்டர் இன்னும் கூர்மையான படத்தைத் தரும். ஆனால் கறுப்பும் வெள்ளையும் சட்டென்று சந்திக்கும் இடத்தில் ஓரத்தை ஒட்டி மெல்லிய ஒளிவட்டம் விழலாம். வானத்தின் எதிரே நிற்கும் கொடிக்கம்பத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அது விழுந்திருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். ஒன்றரை மடங்கு, 1.33 மடங்கு போன்ற பின்ன அளவுகளில் பிக்சல்கள் கட்டத்தோடு பொருந்துவதில்லை. ஓரிடத்தில் கூர்மை, அடுத்த இடத்தில் மங்கல் என்று வரும். 2, 3, 4 என்ற முழு மடங்குகளே பாதுகாப்பு.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. படக்கோப்பில் எழுதப்படும் 0 முதல் 255 வரையிலான எண்கள் ஒளியின் அளவை நேராகக் குறிப்பவை அல்ல. கண் இருட்டில் நுணுக்கமாகவும் வெளிச்சத்தில் தாராளமாகவும் வேறுபாட்டை உணர்வதால், எண்களும் அதற்கேற்ப வளைத்து எழுதப்படுகின்றன. கம்பிக்குத் திரும்பினால், 16-ல் 5 வெள்ளை (255), 11 கறுப்பு (0). கோப்பில் உள்ள எண்களையே கூட்டி வகுத்தால் விடை 80. ஆனால் உண்மையான ஒளியில் 16-ல் 5 பங்கு வெளிச்சம் என்பது கோப்பில் 152 என்று எழுதப்பட வேண்டியது. 80 என்று எழுதிய படத்தில் கம்பி இருட்டில் ஏறக்குறைய கரைந்துபோகிறது. வெளிர் வானத்தின் எதிரே கறுப்புக் கம்பி என்றால் தலைகீழ்: கம்பி இருக்க வேண்டியதைவிடக் கனத்துத் தெரியும். ஆகவே எண்களை முதலில் நேரான ஒளி அளவுக்கு மாற்றி, சராசரி எடுத்து, பிறகு பழையபடி வளைத்து எழுத வேண்டும். இலவச மென்பொருளான இமேஜ்மேஜிக்கில் இது ஒரே வரி:

```
magick big.png -colorspace RGB -filter Box -resize 25% -colorspace sRGB small.png
```

இதில் `-colorspace RGB` என்பது நேரான ஒளி அளவுக்கு மாற்றுகிறது. கடைசியில் உள்ள `-colorspace sRGB` திரும்பக் கொண்டுவருகிறது. 7680×4320 படம் 1920×1080 ஆகிவிடும்.

பிடித்த படத்தை வெளியே வைத்துச் சுருக்குவதில் எதிர்பாராத ஓர் ஆதாயமும் இருக்கிறது. கேமுக்குள் ஒளிக்கு உச்சவரம்பு இல்லை. தெருவிளக்கு வெள்ளைத் தாளைவிட 50 மடங்கு பிரகாசமாக இருக்கலாம். அதைத் திரையின் வரம்புக்குள் அடக்குவது டோன் மேப்பிங் என்ற கடைசிப் படி. அந்தப் படிக்கு முன்பே கேம் சராசரி எடுத்தால், 16-ல் ஒரே ஒரு பிக்சல் விளக்கைத் தொட்டாலும் 50-ஐ 16-ஆல் வகுத்து 3 வரும். அதுவே முழு வெள்ளைக்கு மேல். ஆக, எத்தனை மடங்கு வரைந்தாலும் விளக்கின் ஓரம் படிக்கட்டாகவே நிற்கும். ஸ்கிரீன்ஷாட்டில் டோன் மேப்பிங் முடிந்துவிட்டதால் விளக்கின் மதிப்பு வெள்ளையைத் தாண்டாது. சராசரி ஒழுங்காக வேலை செய்கிறது.

எவ்வளவு பெரிதாக வரையலாம் என்பதை முதலில் தடுப்பது கிராபிக்ஸ் கார்டின் நினைவகம். 7680×4320 என்பது 3.3 கோடி பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு மட்டும் சுமார் 133 எம்பி. இன்றைய கேம் ஒரு ஃபிரேமுக்கு நிறம், ஆழம், பரப்பின் திசை, அசைவு என்று தனித்தனியாகப் பல படங்களை வைத்திருக்கும். எல்லாம் சேர்ந்தால் ஜிபி கணக்கில் போய்விடும். நினைவகம் நிரம்பினால் சில கேம்கள் சொல்லாமல் கொள்ளாமல் துணிமணி, சுவர் ஆகியவற்றின் பரப்புப் படங்களை மட்டமான தரத்துக்கு இறக்கிவிடும். ஓரம் கூர்மையாகவும் சுவர் மொழுமொழுவென்றும் இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். இன்னொரு தடை விண்டோஸ் வைத்திருக்கும் காவல்: கிராபிக்ஸ் கார்டு ஒரு வேலையில் 2 நொடிக்கு மேல் பதில் தராமல் இருந்தால், அது உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி டிரைவரை மறுபடி தொடங்கிவிடும், கேம் அப்படியே மூடிக்கொள்ளும். டைரக்ட்எக்ஸ் 11-ல் ஒரு படம் எந்தப் பக்கத்திலும் 16384 பிக்சலைத் தாண்ட முடியாது என்பதும் உண்டு. 2016-ல் வந்த என்விடியாவின் ஆன்செல் இந்த வரம்புகளைத் தவிர்க்கக் காட்சியைத் துண்டுதுண்டாகப் படமெடுத்து ஒட்டியது. ஆனால் ஒளிப் பரவல், தரையில் விழும் பிரதிபலிப்பு போன்றவை திரையில் தெரிவதை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுவதால், துண்டின் விளிம்பில் அவை மாறுபட்டு ஒட்டுத் தெரிய வாய்ப்புண்டு.

பெரிதாக வரைவதால் எல்லாம் குணமாகிவிடாது. நிழல்கள் பெரும்பாலும் தனி வரைபடம் ஒன்றில் கணக்கிடப்படுகின்றன. அதன் அளவைத் திரையின் அளவு தீர்மானிப்பதில்லை. எனவே கல் தூணின் விளிம்பு கத்திபோல் இருக்க, அதன் நிழல் பல்பல்லாகவே கிடக்கும். நிழல் தரத்தைத் தனியே ஏற்றுவதுதான் வழி. பிக்சல் எண்ணிக்கையில் எழுதப்பட்ட விளைவுகள் வேறு விதத்தில் மாறும். விளக்கைச் சுற்றிய ஒளிப்பரவல் 20 பிக்சல் என்று எழுதியிருந்தால், 4 மடங்கு படத்தைச் சுருக்கிய பின் அது 5 பிக்சலாகிவிடும். பின்னணி மங்கலும், சித்திரக்கதை போன்ற கேம்களில் உருவங்களைச் சுற்றி வரையும் கறுப்புக் கோடும் இப்படியே மெலியும். திரைப்படச் சுருள்போல் தூவிய பொடிமணிகள் சராசரியில் காணாமலே போகும். சாதாரண அளவில் எடுத்த ஒரு படத்தை அருகில் வைத்து ஒப்பிட்டால், எது மெலிந்தது என்று தெரிந்துவிடும். தேவையானால் மடங்கைக் குறைப்பது நல்லது. 4 மடங்கில் இழந்த ஒளிப்பரவலைவிட 2 மடங்கில் எஞ்சிய சிறு படிக்கட்டு மேல் என்று தோன்றும் காட்சிகள் உண்டு.

டிஏஏ-வை அணைக்க முடியாத கேம்களில் அதை வைத்துக்கொண்டே எடுக்கலாம். அது உண்டாக்கும் மங்கல் ஓரிரு பிக்சல் அளவே. சுருக்கும்போது அந்த மங்கலும் சேர்ந்து சுருங்கிவிடும். ஆனால் அளவை மாற்றியவுடன் படமெடுக்கக் கூடாது. கலப்பதற்கு முந்தைய ஃபிரேம்கள் வேண்டுமே! பெரிய அளவில் ஃபிரேம் மெதுவாகவே வருவதால், சில நொடி காத்திருந்து ஓரங்கள் அடங்கிய பிறகு எடுக்க வேண்டும். காட்சி அதுவரை அசையக் கூடாது; போட்டோ மோடு இருந்தால் அதிலேயே நிறுத்திவிடலாம். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவற்றை மறக்காமல் அணைக்க வேண்டும். அவை சிறிதாக வரைந்து பெரிதாக்கும் முறைகள். ஓடிக்கொண்டிருந்தால் 3840×2160 என்று கோப்பு சொன்னாலும் உள்ளே வரையப்பட்டது 1920×1080 ஆகக்கூட இருக்கலாம்.

இறுதிப் படத்தைச் சேமிப்பதற்கு பிஎன்ஜி ஏற்றது. ஸ்டீமின் ஸ்கிரீன்ஷாட் விசை வழக்கமாக ஜேபெக் தருகிறது. சுருக்கப்படாத நகலையும் சேமிக்கும் தேர்வு அதன் அமைப்புகளில் இருக்கிறது. ஜேபெக்கில் நிறத்தைப் பாதி அளவில் சேமிக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், கறுப்புப் பின்னணியில் சிவப்பு நியான் எழுத்து போன்ற இடங்களில் ஓரம் கசிந்து தெரியும். படத்தைப் பார்த்துச் சரிபார்க்கும்போது விண்டோஸ் திரை அளவு 125 சதவீதம் என்று இருந்தால், படம் காட்டும் மென்பொருள் தன் பங்குக்கு இன்னொருமுறை அளவை மாற்றிக் காட்டக்கூடும். ஒரு படப்பிக்சல் ஒரு திரைப்பிக்சலாக விழும்படி வைத்துப் பார்த்தால்தான் கம்பி உண்மையில் அறுபடாமல் ஓடுகிறதா என்று சொல்ல முடியும்.